சாறி பிளவுஸ் தைக்கத் தரும் முன்: அளவு, நாள், திருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு சின்னக் கடை எங்களுடையது. நானும் தைக்கிற இரண்டு பெண்களும், வெட்டு மேசை ஒன்றும், திரை போட்ட மூலை ஒன்றும்தான். தொலைபேசியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

அளவு குடுக்க நேரில வரத்தான் வேணுமா அக்கா?

வர முடிந்தால் வாருங்கள். கால் மணி நேரம் போதும். திரைக்குப் பின்னால் பெண்கள்தான் அளவெடுப்போம். அளவுப் புத்தகத்தை வேறு யாருக்கும் காட்டுவதில்லை. வரும்போது சாறியோடு எந்த பிராவைப் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள். பிரா மாறினால் மார்பின் உயரம் அரை அங்குலம், சிலருக்கு ஒரு அங்குலம் கூட மாறும். பிளவுஸில் மார்புக்காகப் பிடிக்கும் மடிப்பு, நாங்கள் டார்ட் என்கிறோமே, அதன் கூர் எங்கே முடிய வேண்டும் என்பது அந்த உயரத்தை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ இதற்காக மட்டும் வர வேண்டாம். அளவுச் சட்டை கொடுத்து விடலாம், அல்லது வீட்டில் அளந்து அனுப்பலாம். இரண்டையும் கீழே விளக்கியிருக்கிறேன்.

நல்லாப் பொருந்துற பழைய பிளவுஸ் ஒண்டு இருக்கு. அதைக் குடுத்து விட்டாப் போதாதா?

பெரும்பாலும் போதும். ஆனால் அது இப்போதும் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் பொருந்திய சட்டை என்றால் அதை வைத்து வெட்ட எனக்குத் தைரியம் வராது. போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொள என்று இருக்கிறது, கழுத்து போதுமா என்பதை ஒரு துண்டில் எழுதி ஊசியால் குத்தி அனுப்பினால் இன்னும் நல்லது. ‘கை வட்டம் கொஞ்சம் இறுக்கம்’ என்ற ஒரு வரி எனக்கு இன்னொரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இழுபடும் துணியில் தைத்த பிளவுஸை அளவுச் சட்டையாக அனுப்பாதீர்கள். அந்தத் துணி உடம்புக்கு ஏற்ற மாதிரி விரிந்து கொடுக்கும். பட்டு கொடுக்காது. இழுபடும் சட்டையின் அளவில் பட்டை வெட்டினால் கொளுக்கி பூட்டவே முடியாமல் போகும்.

வீட்டில அளக்கிறதெண்டா எங்க இருந்து எங்க அளக்கிறது?

முதலில், தனியாக அளக்காதீர்கள். நாடாவைப் பார்க்கக் குனிந்தாலும் கையை உயர்த்தினாலும் மார்பும் தோளும் இடம் மாறிவிடும். அம்மாவோ தங்கச்சியோ மச்சாளோ அளக்கட்டும். நீங்கள் கைகளைத் தொங்க விட்டு நேராக, சாதாரணமாக மூச்சு விட்டபடி நில்லுங்கள். தடித்த ரீசேர்ட்டுக்கு மேலே அளப்பதும் கூடாது. துணிக்கடையில் கிடைக்கும் அளவு நாடாவைப் பாவியுங்கள். மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு ரேப் உடம்பில் படியாது. சிரிக்க வேண்டாம், அதை வைத்து அளந்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

இடுப்பில் ஒரு நூலைக் கட்டுவது போல, அளக்கும் முன் மார்புக்குக் கீழே, பிராவின் பட்டி இருக்கும் இடத்தில் ஒரு நாடாவையோ ரிப்பனையோ கட்டிக்கொள்ளுங்கள். அது ஒரு நிரந்தரக் கோடாக நிற்கும். பிறகு இந்த ஒழுங்கில் போங்கள்.

தோள்: முதுகுப் பக்கமாக நின்று அளக்க வேண்டும். தோளின் ஓரத்தை விரலால் தடவினால் கை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு எலும்பு முடிவு தட்டுப்படும். அந்த எலும்பிலிருந்து மறுபக்க எலும்பு வரை. கையின் சதைப் பகுதிக்குள் நாடா இறங்கக் கூடாது.

மேல் மார்பு: நாடாவை இரு அக்குளுக்கும் கீழாகக் கொண்டுபோய், முன்னால் மார்பு எழும்பும் இடத்துக்கு மேலாகச் சுற்றி அளப்பது. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். எனக்கோ இதுதான் மிக முக்கியம். ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மார்பு: மிக எடுப்பான இடத்தைச் சுற்றி. முதுகில் நாடா சரிந்து கீழே போய்விடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. அளப்பவர் பின்னால் போய் ஒரு தரம் பார்த்து, தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று சரி செய்ய வேண்டும்.

கீழ் மார்பு: நீங்கள் ரிப்பன் கட்டிய இடம். இங்கே நாடா உடம்போடு ஒட்டி இருக்கட்டும், ஆனால் சதையில் பதியக் கூடாது.

மார்பு முனை: கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பின் முனை வரை ஒரு அளவு. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குறுக்காக இன்னொரு அளவு. வெட்கப்பட்டு இதை விட்டுவிட்டால் டார்ட் எங்கேயோ போய் முடியும்.

நீளம்: அதே கழுத்தடித் தோளிலிருந்து மார்பின் மேலாக இறங்கி, பிளவுஸ் முடிய வேண்டிய இடம் வரை. காற்றில் நேராகப் பிடிக்காமல் மார்பின் மேல் படிய விட்டு அளவுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் மேலேறி நிற்கும்.

கைக்குழி: தோள் எலும்பில் தொடங்கி அக்குளுக்குள்ளே சுற்றி மறுபடி அதே எலும்புக்கு. நாடாவுக்குள் ஒரு விரல் நுழையும் அளவு இடம் போதும்.

கை: தோள் எலும்பிலிருந்து கை முடிய வேண்டிய இடம் வரை நீளம். பிறகு இரண்டு வட்டங்கள், மேற்கையின் பருத்த இடத்தில் ஒன்று, கை முடியும் இடத்தில் ஒன்று.

எல்லாவற்றையும் இரண்டு தரம் அளவுங்கள். இரண்டு தரமும் கால் அங்குலத்துக்குள் ஒத்து வந்தால் சரி. ஒத்து வராவிட்டால் மூன்றாம் தரம் அளந்து, மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எது பிழை என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன். மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் சிலருக்கு மார்பு சற்று வீங்கியிருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்தால் நல்லது.

என்ர சைஸ் 38. இவ்வளவும் ஏன் அளக்க வேணும்?

38 என்பது மார்பைச் சுற்றிய அளவு மட்டும்தான். அது ஒரு உடம்பைச் சொல்லாது. ஒரே நாளில் கடைக்கு வந்த இரண்டு பேருக்கும் 38. ஒருவருக்கு மேல் மார்பு 37. முதுகு அகலமான உடம்பு. மற்றவருக்கு மேல் மார்பு 34. எலும்பு சின்னது, மார்பு எடுப்பு. இவருடைய பிளவுஸ் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதில் ஒரு தையல் கணக்கு இருக்கிறது. கைக்குழியின் ஆழத்தை மார்பளவின் ஆறில் ஒரு பங்கை வைத்துக் கணக்கிடுவது ஒரு வழக்கம். 38ஐ வைத்துக் கணக்கிட்டால் வரும் ஆழம், 34ஐ வைத்துக் கணக்கிட்டால் வருவதை விட முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். முக்கால் அங்குலம்தானே என்று நினைக்கலாம். ஆனால் கைக்குழி அவ்வளவு கீழே இறங்கினால், நீங்கள் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் சேர்ந்து மேலே போகும். கழுத்தும் அகன்று, தோள் சரியும். ‘மார்பு சரியாத்தான் இருக்கு, ஆனா தோள் விழுது’ என்று குறை சொல்பவர்களின் பிளவுஸை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் கதை இதுதான்.

அதனால் தோள், கழுத்து, கைக்குழி மூன்றையும் மேல் மார்பை வைத்து வரைவேன். முன்பக்கத்தில் மார்புக்கு வேண்டிய மிச்ச இடத்தை டார்ட்டில் கொடுப்பேன். மேல் மார்புக்கும் மார்புக்கும் இடையில் வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கு மேல் என்றால், ஒரு டார்ட்டில் அவ்வளவையும் பிடிக்க முடியாது. பிடித்தால் கூம்பு மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். அப்படியானவர்களுக்கு டார்ட்டைப் பிரித்துப் போடுவேன், அல்லது பிரின்சஸ் கட் சொல்வேன். கைக்குழியிலிருந்து மார்பு முனை வழியாகக் கீழே வரை நீளமாக வரும் தையல் அது.

வெளிநாட்டில இருந்து அளவு அனுப்பினாச் சரியா வருமா? கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னாலதான் வருவன்.

வரும், ஆனால் கடைசித் தையலை நீங்கள் வந்த பிறகே போடுவோம். அண்மையில் செய்த ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பிள்ளை. தம்பியின் கலியாணம் ஆவணியில். சாறியை இங்கே அம்மா எடுத்துவிட்டார், காஞ்சிபுரம் பட்டு. மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவுகள்: மார்பு 38, மேல் மார்பு 34, கீழ் மார்பு 31½, தோள் 16½, கைக்குழி 19, மேற்கை 12.

தோளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மேல் மார்பு 34 உள்ள உடம்புக்கு தோள் 14, 14½ அளவில் இருப்பதுதான் வழக்கம். 16½ என்றால் நாடா எலும்பைத் தாண்டிக் கைச்சதைக்குப் போயிருக்கிறது. கைக்குழி 19ம் அப்படித்தான். மேற்கையின் பருத்த இடமே 12 என்கிறபோது கைக்குழி 19 வர இடமில்லை. தோளிலேயே இடம் தவறியதால் அங்கிருந்து தொடங்கிய கைக்குழியும் தவறியிருக்கிறது. இந்த அளவில் வெட்டியிருந்தால் கை சேரும் தையல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் கீழே தொங்கியிருக்கும்.

வீடியோ அழைப்பில் எடுத்து, அவருடைய மச்சாளை நாடாவைப் பிடிக்கச் சொல்லி, எலும்பைத் தடவிக் காட்டச் சொன்னேன். தோள் 14½. கைக்குழி 16. மற்ற அளவுகள் எல்லாம் சரி. முன்னர் அவர் வீட்டில் போடும் அகன்ற ரீசேர்ட்டின் கைத்தையலிலிருந்து கைத்தையல் வரை அளந்திருக்கிறார்.

பிறகு என்ன செய்தோம் என்றால், முதலில் லைனிங் துணியை மட்டும் வெட்டி நூலோட்டிப் பார்த்தோம். லைனிங் பிழைத்தால் செலவு சின்னது. அதற்குப் பிறகு பட்டை வெட்டி, இரண்டையும் சேர்த்து, பக்கத் தையலையும் கையையும் நூலோட்டத்திலேயே விட்டுவைத்தோம். அவர் கலியாணத்துக்கு 9 நாட்களுக்கு முன் வந்து இறங்கினார். அடுத்த நாளே போட்டுப் பார்த்தோம். தோளும் கைக்குழியும் அப்படியே பொருந்தின. ஆனால் கீழ் மார்பில் அரை அங்குலம் விட வேண்டியிருந்தது. டார்ட்டின் கூரும் அரை அங்குலம் உயர வேண்டியிருந்தது, அளந்த நாளில் போட்ட பிரா வேறாம். நூலோட்டத்தைப் பிரித்து மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தைத்து முடித்த பட்டில் இதைச் செய்திருந்தால் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நிகழ்ச்சிக்கு ஐந்து நாட்களுக்குக் குறையாமல் முன்னால் கடைக்கு வந்துவிடுங்கள். முதல்நாள் பின்னேரம் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடிரவாகத் திருகோணமலைக்கு வந்து, காலையில் பிளவுஸைப் போட்டுப் பார்க்கிற திட்டத்துக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

கொஞ்சம் லூசா இருக்கட்டும் எண்டு ரெண்டு அங்குலம் கூட்டிச் சொல்லவா?

வேண்டாம். உடம்பளவை அப்படியே சொல்லுங்கள். மூச்சு விடவும் கை அசையவும் வேண்டிய இடத்தை நான் சேர்ப்பேன். மார்பில் அது ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம். நீங்களும் கூட்டி, நானும் கூட்டினால் சட்டை சாக்கு மாதிரி வரும். லூசாகத்தான் வேண்டும் என்றால் அளவுக்குப் பக்கத்தில் ‘லூசாக வேணும்’ என்று எழுதுங்கள், அது போதும்.

பழைய பிளவுஸைத் தரையில் விரித்து அளந்து அனுப்புபவர்களும் இதைச் சொல்ல வேண்டும். கொளுக்கியைப் பூட்டி, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது சட்டையின் அளவு. அதற்குள் தளர்வும் இருக்கிறது. ‘இது சட்டையின் அளவு’, ‘இது உடம்பின் அளவு’ என்று பிரித்து எழுதாவிட்டால் எனக்கு வித்தியாசம் தெரியாது.

சாறியோட வந்த துணி போதுமா?

சாறியோடு சேர்ந்து வரும் பிளவுஸ் துணி வழக்கமாக 80 சென்ரிமீற்றர் இருக்கும். குட்டைக் கைக்கு அது போதும். முழங்கை வரை கை, உயர்ந்த கழுத்து, அல்லது மார்பு 40க்கு மேல் என்றால் நெருக்கடிதான். வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு முன்னரே சொல்லிவிடுவோம். கிண்ணியாவிலிருந்து வருபவர்களில் பலர் மணிக்கட்டு வரை கை கேட்பார்கள். அதற்குப் பொருத்தமான வேறு துணி கூடுதலாக எடுத்து வாருங்கள். சாறியிலிருந்து பிளவுஸ் துணியை நீங்களே வெட்டிப் பிரிக்க வேண்டாம். கரையின் எந்தப் பகுதி கைக்கு வர வேண்டும் என்று பார்த்து நாங்கள் வெட்டுவோம்.

பின்கழுத்து நல்லா இறக்கி வேணும். தோள் விழாமல் தைக்கலாமா?

ஆழத்தையும் அகலத்தையும் இரண்டையும் ஒன்றாகக் கேட்காவிட்டால் தைக்கலாம். பின்னால் கழுத்தை ஆழமாக வெட்டியதும் இரண்டு தோள்களையும் சேர்த்துப் பிடித்திருந்த துணி போய்விடுகிறது. அதனால் ஆழமான கழுத்துக்கு அகலத்தைக் குறைப்பேன், தோளளவையும் சற்றுக் குறைத்து வெட்டுவேன், மேலே ஒரு கயிறு வைப்பேன். அந்தக் கயிறு அழகுக்கு மட்டும் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். தோளைப் பிடித்து நிற்பதே அதுதான்.

எத்தனை நாளில கிடைக்கும்?

லைனிங் போட்ட சாதாரண பிளவுஸ் 7 நாட்கள். லைனிங் இல்லாத பருத்திப் பிளவுஸ் 4 நாட்கள். ஆரி வேலை அல்லது கல் வேலை உள்ளது என்றால் வேலையின் அளவைப் பொறுத்து 3 முதல் 5 கிழமைகள். கலியாணப் பொம்பிளையின் கூறைப் பிளவுஸை இரண்டு மாதத்துக்கு முன்னர் கொண்டுவரச் சொல்வேன்.

ஒரு பிளவுஸைத் தைக்க மூன்று மணி நேரம்தான் பிடிக்கும், பிறகு ஏன் ஏழு நாள் என்று ஒரு அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. முன்னால் வரிசையில் இருப்பவர்களின் வேலை ஒரு காரணம். மற்றது லைனிங். பருத்தி லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் வெட்டுவோம். முதல் தடவை தண்ணீர் படும்போதே அது சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உள்ளே லைனிங் குறுகி, வெளியே பட்டு நெளிந்து நிற்கும். கடை தொடங்கிய புதிதில் அவசரத்தில் ஒரு பிளவுஸுக்கு நான் நனைக்காமல் வெட்டிவிட்டேன். ஒரே ஒரு கழுவல்தான், கொளுக்கிப் பட்டி முழுவதும் அலை அலையாக வந்துவிட்டது. என் செலவில் புதிய லைனிங் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எவ்வளவு அவசரம் என்றாலும் நனைக்காமல் மேசைக்கு வராது.

கச்சான் அடிக்கும் மாதங்களில் காலையில் விரித்த துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் ஒன்றரை நாள், இரண்டு நாள் கூடப் போகும். அந்தக் காலத்தில் ஒரு நாள் கூட்டியே சொல்வேன். கொளுக்கி, கழுத்து மடிப்பு எல்லாம் கைத்தையல் என்பதால் அவற்றுக்கும் ஒரு பின்னேரம் போய்விடும்.

ஆடியில் கலியாணம் இல்லை, உங்களுக்கு ஓய்வுதானே என்பார்கள். எங்கே! ஆவணிக் கலியாணத் துணியெல்லாம் வந்து குவிவது ஆடியில்தான். அதேபோலத் தீபாவளிக்கு முன்னும், பங்குனியில் கோணேசர் கோவில் கொடியேறும் காலம் தொடங்கிச் சித்திரை வருடப்பிறப்பு வரையும் மேலே சொன்ன நாட்களோடு ஒரு கிழமையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு மறுநாள் விசேஷம். அவசரமாத் தைச்சுத் தருவீங்களா?

அளவு ஏற்கெனவே எங்கள் புத்தகத்தில் இருந்து, சாதாரண கழுத்து, சாதாரண கை என்றால் தரலாம். மேலதிகக் கட்டணம் உண்டு. புதியவர் என்றால், அல்லது பிரின்சஸ் கட், கப் வைத்தது, ஆரி வேலை என்றால் இல்லை. போட்டுப் பார்க்க நேரமில்லாத வேலையை எடுத்து இரண்டு பேரும் மனம் நோக வேண்டாம்.

கொண்டு போய் வீட்டில போட்டுப் பாக்கலாம்தானே? கடையில ஏன் போட வேணும்?

கடையில் போட்டால் அங்கேயே பார்த்துச் சரி செய்யலாம். போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சிலையாக நிற்க வேண்டாம். இரண்டு கையையும் தூக்குங்கள், கதிரையில் இருங்கள், முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோங்கள், தோளில் ஒரு முந்தானையைப் போட்டுப் பாருங்கள்.

சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் பிழை எங்கே என்று அதுவே காட்டும். கொளுக்கியிலிருந்து இரு பக்கமும் குறுக்காகக் கோடு இழுத்தால் மார்பு இறுக்கம். மார்புக்குக் கீழே துணி பை மாதிரித் தொங்கினால் டார்ட் கீழே முடிந்திருக்கிறது, அல்லது கீழ் மார்பு லூஸ். கழுத்தடியிலிருந்து அக்குளுக்குச் சரிவாகக் கோடு விழுந்தால் தோளின் சரிவு உங்கள் தோளோடு ஒத்துப் போகவில்லை. அக்குளில் முன்பக்கம் வெட்டுகிற மாதிரி இருந்தால் கைக்குழி நெருக்கம். இதில் எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். ‘பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டுப் போய், இரவு பத்து மணிக்குப் படம் எடுத்து அனுப்புவதை விட அது எவ்வளவோ மேல்.

திருத்தம் இலவசமா?

எடுத்துச் சென்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கொண்டுவந்தால் முதல் தடவை இலவசம். துணி கழுவாமலும், வாசனைத் திரவியம் படாமலும் இருக்க வேண்டும். நாங்கள் எடுத்த அளவு பிழைத்திருந்தால் நாட்கணக்கே இல்லை. எத்தனை தரம் என்றாலும் நாங்களே திருத்துவோம்.

நீங்கள் அனுப்பிய அளவு பிழை என்றால் தையல் கூலி மட்டும் எடுப்போம். யாருடைய பிழை என்று வாதாட வேண்டியதில்லை. வந்த அளவுகளைப் புத்தகத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வெட்டுவதற்கு முன் உங்களுக்கு அனுப்புவோம். நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் கத்தரிக்கோல் துணியில் படும்.

உடம்பு வைத்ததாலோ மெலிந்ததாலோ பிறகு வரும் திருத்தத்துக்குக் கட்டணம் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் இதை முன்னரே சொன்னால் பக்கத்தில் கூடுதலாகத் துணி விட்டுத் தைப்போம்.

உடம்பு வைச்சா எவ்வளவு பெரிசாக்கலாம்?

வசதியாக இரண்டு அங்குலம். கணக்கு இப்படி வரும். பிளவுஸில் பக்கத் தையல் இரண்டு. ஒவ்வொன்றிலும் முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டு மடல். ஆக நான்கு மடல். ஒவ்வொரு மடலிலும் உள்ளே ஒரு அங்குலத் துணி விட்டுத் தைக்கிறோம். முழுவதையும் எடுத்தால் புதிய தையல் நிற்க இடமிருக்காது. மடலுக்கு அரை அங்குலம் விட்டால் நான்குக்கும் சேர்த்து இரண்டு அங்குலம். அதற்கு மேல் போனால் கைக்குழியும் டார்ட்டும் இடம் மாறிவிடும், மார்பு போதினாலும் சட்டை அழகாக நிற்காது.

கையில் ஒரே தையல், இரண்டு மடல் என்பதால் ஒரு அங்குலம் விடலாம். துணி பற்றாமல் மடலில் குறைத்து விட்டிருந்தால் அதை ரசீதில் எழுதியிருப்போம், பாருங்கள். பட்டிலும் ரிசுவிலும் பழைய துளை தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது அக்குளுக்குக் கீழே கைக்குள் மறைந்துவிடும், ஆனால் கையில் விட்டால் வெளியே தெரியும்.

என்ன செய்தாலும் திருத்த ஏலாதது எது?

வெட்டி எடுத்த துணி திரும்ப வராது. கழுத்தை இன்னும் இறக்கலாம், ஏற்ற முடியாது. தோளைக் குறைக்கலாம், அகலமாக்க முடியாது. கைக்குழி நெருக்கமாக இருந்தால் கால் அங்குலம் வெட்டிக் கொடுக்கலாம், பெரிதாகிவிட்டால் மூட முடியாது. நீளத்தில் கீழ் மடிப்புக்குள் இருக்கும் அளவுதான் இறங்கும். ஆரி வேலை பக்கத் தையல் வரை வந்திருந்தால் அந்த இடத்தைத் தொட முடியாது. அதனால்தான் வேலைப்பாடு வைக்கும்போது தையலுக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறேன். கழுத்து விஷயத்தில் சந்தேகமாக இருந்தால் முதலில் சற்று ஏற்றி வெட்டச் சொல்லுங்கள். போட்டுப் பார்க்கிற நாளில் உங்கள் முன்னாலேயே சோக்கால் கீறி இறக்குவேன்.

வேற இடத்தில தைச்ச பிளவுஸைத் திருத்துவீங்களா?

கொண்டுவாருங்கள், உள்ளே திருப்பிப் பார்ப்போம். மடலில் துணி இருந்தால் செய்வோம். ஒட்ட வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால், உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அக்குளில் அதே நிறத்தில் ஒரு துண்டு வைத்துத் தைப்பது மட்டும்தான் அப்போது வழி. சாறி கட்டினால் தெரியாது. விருப்பம் என்றால் செய்து தரலாம்.

முற்பணம் எவ்வளவு? வேண்டாமெண்டா திருப்பித் தருவீங்களா?

தையல் கூலியில் பாதி முற்பணம். வெட்டுவதற்கு முன் சொன்னால் முழுவதும் திருப்பித் தருவோம். வெட்டிய பிறகு தர முடியாது, வெட்டிய துண்டுகளை வாங்கிக்கொள்ளலாம். மிச்சத் துணியை, விரலளவு துண்டானாலும், பையில் போட்டுத் தருவோம். அதை எறிந்துவிடாமல் வையுங்கள். பிறகு ஒரு திருத்தம் என்று வந்தால் அக்குளுக்குத் துண்டு வைக்க அதைத்தான் முதலில் கேட்பேன்.